சான்றிதழ் உண்மைதான், ஆனால் அது யாருடையது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று மலை ஏறி வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுவில் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களும் இதிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.)



பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நாற்றம்தான் உங்களை வரவழைத்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித் தலைவர் பேசுவார். நான் பேசப்போவது அந்த நாற்றத்தைப் போக்குகிறோம் என்று வந்த ஒரு ஸ்டார்ட்அப்பைப் பற்றி, குறிப்பாக அவர்கள் காட்டிய ஒரு தாளைப் பற்றி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை. 2025 மே மாதம் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். நம் சுத்திகரிப்புத் தொட்டியில் வாரம் இரண்டு முறை ஒரு நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால் மூன்று மாதத்தில் நாற்றம் போகும், சேறும் குறையும் என்றார்கள். ஓர் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய், அதில் பாதி முன்பணம். கூடவே லேமினேட் செய்த ஒரு சான்றிதழைக் காட்டினார்கள். மேலே அசோகச் சின்னம், கீழே மத்திய அரசின் துறைப் பெயர். "கவர்ன்மென்டே எங்களை அங்கீகரிச்சிருக்கு சார்" என்றார்கள்.

அடுத்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு செய்தி வந்தது. கம்பெனியை விரிவாக்குகிறார்களாம். குடியிருப்பவர்கள் ஆளுக்கு 2 லட்சம் போட்டால் பங்கு தருவார்களாம். பங்கு ஒதுக்கும் வரை மாதம் 3 சதவீதம் தருவார்களாம். அந்தச் செய்தியிலும் அதே சான்றிதழின் படம் இருந்தது. பத்துப் பேர் "ஆர்வம் உண்டு" என்று கை தூக்கினீர்கள். பி பிளாக் அம்மா ஒருவர் அன்று மாலையே பணத்தை அனுப்பிவிட்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டு ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: பில்லில் இருக்கும் பெயரும், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தத் தாள் என்ன?

2016 ஜனவரி 16 அன்று மத்திய அரசு ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் உள்ள டி.பி.ஐ.ஐ.டி. என்ற துறை இதைக் கவனிக்கிறது. தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை என்று தமிழில் சொல்லலாம். புதிய கம்பெனி இணையத்தில் விண்ணப்பித்தால், இந்தத் துறை "இது ஒரு ஸ்டார்ட்அப்" என்று அங்கீகாரம் கொடுக்கும். அந்த அங்கீகாரத்துக்கு ஓர் எண் உண்டு. அது DIPP என்று தொடங்கும், பின்னால் இலக்கங்கள் வரும்.

துறையின் பெயர் டி.பி.ஐ.ஐ.டி., எண்ணில் மட்டும் DIPP என்று இருக்கிறதே, போலியா என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். போலி இல்லை. 2019 தொடக்கம் வரை அந்தத் துறையின் பெயரே டி.ஐ.பி.பி. தான். துறையின் பெயர் மாறியது, எண்ணின் முன்னொட்டு அப்படியே இருந்துவிட்டது.

இதை வாங்க என்ன வேண்டும்? 2019 பிப்ரவரி 19 தேதியிட்ட அறிவிக்கை சொன்னது இது: பிரைவேட் லிமிடெட் கம்பெனி, எல்.எல்.பி., அல்லது பதிவு செய்த கூட்டு நிறுவனமாக இருக்க வேண்டும். தொடங்கிப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்த தொழிலை உடைத்து உருவாக்கியதாக இருக்கக் கூடாது. புதுமையான பொருளோ, பெரிதாக வளரக்கூடிய தொழில்முறையோ இருக்க வேண்டும். இந்த வரம்புகள் நிலையானவை அல்ல. 2016இல் ஐந்து ஆண்டு, 25 கோடி என்றுதான் இருந்தது. ஆகவே ஆண்டும் தொகையும் மாறலாம், அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த விவரங்களை எல்லாம் கொடுப்பது கம்பெனியே. பதிவுச் சான்றிதழை ஏற்ற வேண்டும், தாங்கள் செய்வது எப்படிப் புதுமை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. துறை அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்க்கும், தெளிவில்லை என்றால் விளக்கம் கேட்கும். ஆனால் டெல்லியிலிருந்து யாரும் வந்து தொட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, கரைசலைச் சோதனைச் சாலைக்கு அனுப்புவதில்லை, வங்கிக் கணக்கைப் பார்ப்பதில்லை. பொய்யான தகவல் கொடுத்து வாங்கியது என்று பிறகு தெரிந்தால் ரத்து செய்யும் அதிகாரம் துறைக்கு உண்டு.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புதுத் தொழில் தொடங்குகிறவரை ஆய்வாளர்கள் துரத்தக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். அரசு டெண்டரில் முன் அனுபவம், முன்வைப்புத் தொகை ஆகியவற்றில் தளர்வு, காப்புரிமை விண்ணப்பக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை, இப்படிச் சில உதவிகளுக்கான நுழைவுச் சீட்டு இது. 2025 ஜனவரி நடுவில் நாடு முழுக்க 1.59 லட்சம் கம்பெனிகளிடம் இந்தச் சீட்டு இருந்தது. வருமான வரி விலக்குக்குக்கூட இது மட்டும் போதாது. அதற்குத் தனியாக விண்ணப்பித்து, அமைச்சகங்களுக்கு இடையிலான குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் கிடைத்தவை சில ஆயிரம்தான். "எங்களுக்கு வரியே இல்லை" என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

சரிபார்த்த விதம்

சரி, அந்தத் தாளை எப்படிச் சோதித்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கைப்பேசியும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். சான்றிதழ் எண், கம்பெனியின் முழுப்பெயர், அது பதிவான தேதி, எந்தத் துறை, வழங்கிய தேதி, எதுவரை செல்லும் என்பது. நம்முடையவர்கள் காட்டியதில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயர் இருந்தது. பதிவானது 2021, சான்றிதழ் வழங்கியது 2022, கழிவு மேலாண்மைப் பிரிவு.

அடுத்து இணையதளம். startupindia.gov.in என்ற முகவரியை நானே தட்டச்சு செய்தேன். தாளில் கியூ.ஆர். குறியீடு இருந்தால் அதை ஸ்கேன் செய்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். போலித் தாள் அச்சடிப்பவருக்குப் போலிக் குறியீடும் அச்சடிக்கத் தெரியும். அது அவர் வைத்திருக்கும் பக்கத்துக்கே உங்களைக் கொண்டுபோகும். முகவரி gov.in என்று முடிகிறதா என்பதை நாமே பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் அங்கீகாரச் சான்றிதழைச் சரிபார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. எண்ணைக் கொடுத்துப் பார்த்து, வரும் பெயரையும் தேதியையும் தாளில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பழைய சான்றிதழின் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தால் இங்கே மாட்டிவிடும். எண் உண்மையாக இருக்கும், பெயர் வேறாக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அதே தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து தங்களுக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். "ஸ்டார்ட்அப் இந்தியாவில் இருக்கிறோம், தேடிப் பாருங்கள்" என்பார்கள். தேடினால் வரும். அது பதிவு மட்டுமே, அங்கீகாரம் அல்ல. DIPP எண்ணும் சான்றிதழும் இருந்தால்தான் அங்கீகாரம். அதேபோல் நம் மாநிலத்தின் ஸ்டார்ட்அப் டி.என். பதிவு வேறு, அது தமிழ்நாடு அரசின் தனி அமைப்பு. ஒன்றைக் காட்டி இன்னொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

நம்முடையவர்களின் சான்றிதழ் இந்தச் சோதனையில் தேறியது. எண், பெயர், தேதி எல்லாம் பொருந்தின. 2031 வரை செல்லும். உண்மையான சான்றிதழ்தான். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், "எல்லாம் சரி" என்று உங்களிடம் வந்து சொல்லியிருப்பேன்.

ஆனால் பழைய பழக்கம் விடவில்லை. விலைப்பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சான்றிதழில் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்". விலைப்பட்டியலில் அதே முதல் சொல், அதே பச்சை இலை லோகோ, பின்னால் மட்டும் "என்டர்பிரைசஸ்".

விலைப்பட்டியலின் மேலே ஜி.எஸ்.டி. எண் இருந்தது. ஜி.எஸ்.டி. எண்ணில் பதினைந்து எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவர்களுடைய பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லும். கம்பெனி என்றால் C, கூட்டு நிறுவனம் அல்லது எல்.எல்.பி. என்றால் F, தனிமனிதர் என்றால் P. அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்தைப் பார்த்தால் போதும். அங்கே P இருந்தது.

உறுதிப்படுத்த gst.gov.in தளத்துக்குப் போனேன். அங்கே Search Taxpayer என்ற இடத்தில் எண்ணைக் கொடுத்தால் மூன்று முக்கியமான வரிகள் வரும். Legal Name of Business என்ற இடத்தில் சட்டப்படியான பெயர். நமக்கு வந்தது அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவரின் பெயர். Constitution of Business என்ற இடத்தில் Proprietorship என்று இருந்தது, அதாவது தனி உரிமையாளர். எண் செயல்பாட்டில் இருக்கிறதா என்பது மூன்றாவது வரி, அது இருந்தது.

இப்போது யோசியுங்கள். தனி உரிமையாளர் தொழிலுக்கு இந்த அங்கீகாரமே கிடைக்காது, அறிவிக்கையில் அந்த வகை இல்லை. அங்கீகாரம் ஒரு சட்ட நபருக்குக் கொடுக்கப்படுவது. பிராண்டுக்கு இல்லை, லோகோவுக்கு இல்லை, ஆளுக்கும் இல்லை. ஒரே ஆள் இரண்டு தொழில் நடத்தினால், ஒன்றின் சான்றிதழ் மற்றொன்றுக்குச் செல்லாது. நம்மிடம் பணம் கேட்டது ஒருவர், சான்றிதழ் வைத்திருப்பது வேறொருவர். இருவருக்கும் முகம் ஒன்று, அவ்வளவே.

கடைசியாக, அந்தப் பிரைவேட் லிமிடெட் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரத்தைப் பார்க்கலாம். சில சமயம் கணக்குத் தொடங்கி உள்ளே நுழையச் சொல்லும், கட்டணம் இல்லை. கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா, செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, கடைசியாகத் தாக்கல் செய்த இருப்புநிலைக் குறிப்பு எந்தத் தேதிக்கானது என்பதெல்லாம் வரும். நாங்கள் பார்த்தது 2025 ஜூனில். நிலை: செயல்பாட்டில் உள்ளது. மூலதனம்: 1 லட்சம் ரூபாய். கடைசி இருப்புநிலைக் குறிப்பு: 2022 மார்ச் 31.

கம்பெனி என்றால் மார்ச்சில் முடியும் ஆண்டுக்குச் செப்டம்பருக்குள் ஆண்டுப் பேரவை நடத்த வேண்டும், அதிலிருந்து 30 நாளில் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இவர்கள் 2023, 2024 இரண்டு ஆண்டுக்கும் தாக்கல் செய்யவில்லை. ஆனால் ஸ்டார்ட்அப் சான்றிதழ் பக்கம் 2031 வரை செல்லும் என்றே காட்டிக்கொண்டிருந்தது. இதில் முரண்பாடு இல்லை. சான்றிதழ் 2022இல் எடுத்த ஒரு புகைப்படம். அந்தக் கம்பெனி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

பொருள் வேலை செய்யுமா?

இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு நான் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடர்ந்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடும் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் இல்லாமல் ஆலை ஓடக் கூடாது, கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். "எங்களிடம் நல்ல சுத்திகரிப்பு முறை இருக்கிறது" என்று சொல்வதற்கும், வெளியேறும் நீரை எடுத்துச் சோதித்துக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மண் விலை கொடுத்துக் கற்றது.

ஸ்டார்ட்அப் அங்கீகாரம் அந்தச் சோதனைக்குப் பதில் ஆகாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக்கும் பதில் ஆகாது. சுற்றுச்சூழல் சட்டங்களில் ஸ்டார்ட்அப்களுக்குச் சுயசான்று வசதி உண்டு என்பார்கள், உண்மைதான். ஆனால் அது வெள்ளை வகை எனப்படும், மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கு மட்டும். தோல் பதனிடுதல் சிவப்பு வகை. ஆகவே தோல் கழிவு, குரோம் மீட்பு என்று புதுமை பேசி உங்கள் ஆலைக்கு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். கீழே ஆம்பூரில் தொழில் நடத்தும் நம் ஏ பிளாக் பாய்க்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் தொட்டிக்கு நான் கேட்டது எளிமையானது. கரைசல் ஊற்றும் முன் வெளியேறும் நீரில் ஒரு மாதிரி, முப்பது நாள் கழித்து ஒன்று, தொண்ணூறு நாள் கழித்து ஒன்று. மூன்றையும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு நாமே அனுப்புவோம், செலவு நம்முடையது. பி.ஓ.டி. அளவும் மிதக்கும் திடப்பொருள் அளவும் இறங்குகிறதா என்று பார்ப்போம். மாதிரியை எடுப்பது நம் ஆள், அவர்கள் ஆள் இல்லை.

பணம் போடலாமா?

இப்போது அந்த 2 லட்சம். இதில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

துறையின் அங்கீகாரம் பொதுமக்களிடம் பணம் திரட்டும் அனுமதி இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கவே கூடாது. பங்கு கொடுத்துப் பணம் வாங்கலாம், அதற்குக் கம்பெனிகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு வழி சொல்கிறது. அந்த வழி இப்படிப் போகும்: யாரிடம் கேட்கிறார்களோ அவர் பெயரிலேயே பி.ஏ.எஸ்.-4 என்ற சலுகைக் கடிதம் வர வேண்டும். ஓர் ஆண்டில் 200 பேருக்கு மேல் கேட்கக் கூடாது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. பணம் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாக, கம்பெனியின் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அறுபது நாளில் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த பதினைந்து நாளில் திருப்ப வேண்டும். அதுவும் தவறினால் 12 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும்.

இதை வைத்து நம் வாட்ஸ்அப் செய்தியைப் படியுங்கள். யார் பெயரிலும் கடிதம் இல்லை. 140 பேர் இருக்கும் குழுவில் பொது அழைப்பு. பணம் போகும் கணக்கு தனி உரிமையாளருடையது. பங்கு ஒதுக்கும் தேதி இல்லை, அதற்குப் பதில் மாதம் 3 சதவீதம். பங்கு வாங்குகிறவருக்கு மாத வட்டி கிடையாது. மாதா மாதம் உறுதியான தொகை என்றால் அது கடனோ வைப்புத்தொகையோதான். கேட்டது ஒன்று, பெயர் வேறொன்று.

"ஸ்டார்ட்அப்புக்கு விதிவிலக்கு உண்டு சார்" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். உண்டு. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் கம்பெனி, பின்னால் பங்காக மாறக்கூடிய பத்திரம் கொடுத்து வாங்கும் பணம் வைப்புத்தொகையில் சேராது. ஆனால் அதற்கு ஒருவர் ஒரே தவணையில் 25 லட்சம் அல்லது அதற்கு மேல் போட வேண்டும். விதியை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் அந்தத் தொகையை வைத்திருக்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தில் 2 லட்சம் எடுத்துக் கொடுப்பவருக்காக வைத்த கதவு இல்லை அது.

காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தபோது, நம் மாவட்டங்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கும் ஸ்டார்ட்அப் சான்றிதழுக்கும் சம்பந்தம் இல்லை. நம்மிடம் வந்த பிள்ளைகளையும் அந்த வரிசையில் நான் வைக்கவில்லை. மாதா மாதம் இவ்வளவு என்ற சொல்லைக் கேட்டதும் சுவரில் மாட்டிய தாளைப் பார்க்காமல் பணம் போகும் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்படிப் பணத்தை வாங்கித் திருப்பாதவர்கள் மீது புகார் கொடுக்க 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன.

என்ன ஆனது

அந்த இளைஞர்களை அழைத்து எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிக் காட்டினோம். மறைக்கவில்லை. தனி உரிமையாளர் தொழில் முதலில் தொடங்கியதாம், கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. எண் எடுக்கவில்லையாம், ஆடிட்டருக்குக் கட்டணம் பாக்கி என்பதால் கணக்குத் தாக்கல் நின்றுவிட்டதாம். நம்பக்கூடிய பதில்தான். ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கொடுக்கும் முன்பணம் சிக்கிக்கொண்டால், ஏமாற்று வேலையா கவனக்குறைவா என்ற ஆராய்ச்சியால் நமக்குப் பணம் திரும்பாது.

மூன்று நிபந்தனை வைத்தோம். ஒப்பந்தமும் விலைப்பட்டியலும் கம்பெனி பெயரில் வர வேண்டும், பணம் கம்பெனி கணக்குக்கு மட்டுமே போகும். விட்டுப்போன இரண்டு ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். முன்பணம் பாதி இல்லை, 20 சதவீதம். மீதி சோதனை முடிவுகளைப் பார்த்து. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் ஆறு வாரம் கழித்து கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. எண் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த எண்ணில் ஆறாவது எழுத்து C. ஓர் ஆண்டின் கணக்கு ஏறிவிட்டது, இன்னொன்று ஏறவில்லை. ஏறும் வரை நாம் கையெழுத்துப் போடப்போவதில்லை. நாற்றம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி பிளாக் அம்மாவின் பணம் முழுதாக வரவில்லை. 1 லட்சம் திரும்பியது, 1 லட்சம் பாக்கி. பங்கு என்று நினைத்துத்தான் அனுப்பினார். ஆனால் அவர் கையில் இருக்கும் ரசீதில் ஒரு தனிமனிதரின் தொழில் பெயரும், "அட்வான்ஸ்" என்ற ஒரு சொல்லும்தான் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவர் எந்தக் கம்பெனியிலும் பங்குதாரர் இல்லை. தேதி போட்டு, தொகை போட்டு, திருப்பும் தவணையை எழுதி ஒரு கடிதம் வாங்கியிருக்கிறோம். அந்தத் தவணை தவறினால் அடுத்து எங்கே போவது என்றும் அவரிடம் பேசி வைத்திருக்கிறோம்.

அன்று மாலை அவர் என்னிடம் ஒன்று சொன்னார். "சான்றிதழ் உண்மையான்னு என் பையன் பெங்களூர்ல இருந்து செக் பண்ணிட்டான் அண்ணா, உண்மைதான்னு சொன்னான், அதான் அனுப்பினேன்." பையன் சொன்னது சரி. அவன் பார்த்தது சான்றிதழை. பணம் போனது வேறு கணக்குக்கு.

சோதனை மாதிரி எடுக்கத் தொட்டியடியில் நிற்க ஒரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?